பலாப்பாலும் பருத்தியும்

பலா சீசன் நடுவில் ஒரு திங்கட்கிழமை, பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் பேருந்தில் வந்து படிக்கும் மாணவி ஒருத்தி ஒரு மஞ்சப்பையை என் மேசைமேல் வைத்தாள். ஆடை வடிவமைப்பு டிப்ளமோ முதலாண்டு. இழைகளின் தன்மை, பயன், பராமரிப்பு மூன்றையும் ஒரே அட்டவணையில் எழுதி வரச் சொல்லியிருந்தேன். மற்ற கட்டங்களையெல்லாம் நிரப்பியிருந்தாள். ‘பராமரிப்பு’ என்ற நிரலை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள்.

பைக்குள் மூன்று துணிகள் இருந்தன. தாத்தாவின் வேட்டி, அம்மாவின் பட்டுப்புடவை, தம்பியின் பள்ளிச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பலாப்பழம் வெட்டியிருக்கிறார்கள். மூன்றிலும் பால் பட்டிருந்தது. வேட்டியின் ஓரத்தில் இன்னொரு கறையும் இருந்தது, முந்திரிப்பழச் சாறு.

“சார், மூணுலயும் ஒரே பலாப்பால்தான். புத்தகத்துல கறைக்கு ஒரு பக்கம், இழைக்கு ஒரு பக்கம்னு தனித்தனியா போட்டிருக்கு. எந்தப் பக்கத்தப் பாத்து இந்தக் கட்டத்த நிரப்பறது?”

நல்ல கேள்வி. கறை ஒன்று, துணி மூன்று என்றால் வைத்தியமும் மூன்றுதான். அது ஏன் என்று புரிந்துகொண்டால் அந்த அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த மஞ்சப்பையைச் சுற்றித்தான்.

முதலில் கையிலிருப்பது என்ன இழை என்று தெரிய வேண்டும். வேட்டி பருத்தி என்பதில் சந்தேகமில்லை. புடவையும் பட்டுதான், முகூர்த்தத்துக்கு வாங்கியது. சிக்கல் சட்டையில். உள்பக்கத்தில் தைத்திருந்த சீட்டு துவைத்துத் துவைத்து எழுத்தழிந்து போயிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுப்பது எரித்துப் பார்க்கும் சோதனை. தையலுக்குள் மடித்துவிட்ட பகுதியிலிருந்து நாலைந்து நூல்களை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின்மேல் வைத்து, மெழுகுவத்திச் சுடருக்குப் பக்கவாட்டிலிருந்து மெல்லக் கொண்டுபோக வேண்டும்.

பருத்தி சுடரைக் கண்டு சுருங்காது. நேராகப் பற்றிக்கொள்ளும். காகிதம் எரியும் வாசனை வரும். மிஞ்சுவது பூப்போன்ற சாம்பல். பட்டு தயங்கித் தயங்கி எரியும், சுடரை எடுத்தால் பெரும்பாலும் அணைந்துவிடும், முடி கருகும் நாற்றம் வரும். முனையில் உருளும் கரிமணியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் சுடர் தொடுவதற்கு முன்பே சுருங்கிப் பின்வாங்கும், உருகும், ஆறியதும் நசுக்க முடியாத கெட்டி மணியாக நிற்கும். சட்டை நூல் இரண்டையும் காட்டியது. கொஞ்சம் சாம்பல், அதற்குள் கெட்டி மணி. பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த நூல்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. பருத்தியையும் விஸ்கோஸையும் (கடைகளில் ரேயான் என்பார்கள்) இது பிரித்துக் காட்டாது. இரண்டும் செல்லுலோஸ்தான், ஒரே மாதிரிதான் எரியும். அங்கே நெருப்பை விட்டுத் தண்ணீரை எடுக்க வேண்டும். நூலின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து இரு முனையையும் பிடித்து இழுத்தால், விஸ்கோஸ் நனைந்த இடத்திலேயே அறும். பருத்தி பெரும்பாலும் நனையாத இடத்தில்தான் அறும்.

அன்று கரும்பலகையில் எழுதிய அட்டவணை இது. கம்பளி, லினன், சணலையெல்லாம் விட்டுவிட்டேன். நம் ஊர் அலமாரியில் அடிக்கடி கண்ணில் படும் ஐந்து மட்டும்.

| இழை | எங்கே பார்க்கிறோம் | 100 கிராம் உலர்ந்த இழை காற்றிலிருந்து ஏற்கும் ஈரம் | நனைந்தால் பலம் | இஸ்திரிச் சூடு | எதைக் கண்டால் பயம் |
|---|---|---|---|---|---|
| பருத்தி | வேட்டி, உள்ளாடை, படுக்கை விரிப்பு | 8.5 கிராம் | கூடும் | சுமார் 200° செ. வரை | கடும் அமிலம் |
| விஸ்கோஸ் | குர்த்தி, நைட்டி, லைனிங் | 13 கிராம் | பாதியளவு குறையும் | சுமார் 150° செ. | ஈரத்தில் முறுக்கிப் பிழிதல் |
| பட்டு | புடவை, ரவிக்கை | 11 கிராம் | சற்றுக் குறையும் | 150° செ.க்குள், உள்பக்கம் | குளோரின் பிளீச், கடும் காரம் |
| நைலான் | சாக்ஸ், குடைத்துணி, பை | சுமார் 4 கிராம் | சற்றுக் குறையும் | சுமார் 110° செ. | குளோரின் பிளீச், கடும் அமிலம் |
| பாலியஸ்டர் | சீருடை, திரைச்சீலை, விளையாட்டு உடை | 0.4 கிராம் | மாறாது | சுமார் 150° செ.க்குள் | எண்ணெய்க் கறை, அதிகச் சூடு |

மூன்றாவது நிரலைப் பாருங்கள். என் பார்வையில் அட்டவணையின் உயிர் அங்கேதான். பஞ்சை முற்றிலும் உலர்த்தி எடை போட்டு, பிறகு சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் வைத்தால், அது காற்றிலிருந்தே நீராவியைக் குடித்து எடை கூடும். அந்தக் கூடுதலைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. நூல் வியாபாரத்தில் இவை ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்குகள். எடைக்கு நூல் வாங்குகிறவர் அதற்கு மேலான தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கக்கூடாது அல்லவா.

தம்பியின் சட்டையை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதே அளவுச் சட்டைத் துணி உலர்ந்த நிலையில் 240 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முழுக்கப் பருத்தியாக இருந்தால் சுமார் 20 கிராம் தண்ணீரை இழைக்குள் வாங்கிக்கொண்டும் கைக்கு உலர்ந்ததுபோலவே இருக்கும். முழுக்கப் பாலியஸ்டர் என்றால் ஒரே ஒரு கிராம். சீருடைத் துணியில் வழக்கமாக வரும் மூன்றில் இரண்டு பங்கு பாலியஸ்டர், ஒரு பங்கு பருத்தி என்ற கலப்பை எடுத்தால், 160 கிராம் பாலியஸ்டருக்கு 0.64 கிராம், 80 கிராம் பருத்திக்கு 6.8 கிராம், ஆக ஏழரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. பருத்திச் சட்டை ஏற்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மே மாத மதியத்தில் கடலூர் மாவட்டத்தில் கலப்புச் சட்டை முதுகோடு ஒட்டுவதற்கும், ஐப்பசி மழையில் அதே சட்டை ஒரே இரவில் கொடியில் காய்ந்துவிடுவதற்கும் இந்த ஒரு கணக்குதான் காரணம். சீருடை எடுக்கும் தாய்மார்களுக்கு இரண்டாவது காரணம் நன்றாகவே தெரியும்.

பருத்தி ஏன் தண்ணீரைத் தேடுகிறது? செல்லுலோஸ் மூலக்கூறு நெடுகிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீருக்கும் அதே கைகள். இரண்டும் கோத்துக்கொள்ளும். பட்டு புரதம். அதிலும் தண்ணீரைப் பிடிக்கும் இடங்கள் நிறைய. பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வரும் பொருட்களால் கட்டிய சங்கிலி. அதில் அப்படிப்பட்ட கைகள் இல்லாத குறைதான். அதனால் தண்ணீர் அதை ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு பலாப்பாலுக்கு வருவோம்.

பலா வெட்டும் வீட்டில் யாரும் வெறுங்கையோடு உட்காருவதில்லை. கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டுதான் தொடங்குவார்கள். தண்ணீரில் கழுவினால் பால் போகாது, இன்னும் இழுபடும். பலாப்பால் வெளியே வரும்போது பால்போல் நீர்க்கலவையாக இருந்தாலும், காற்றுப் பட்டு உலர்ந்தால் மிஞ்சுவது பிசின். அதில் ரப்பர் கொஞ்சம்தான், ஒட்டும் பிசின்கள்தான் அதிகம். பிசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் மண்ணெண்ணெயிலும் கரையும். பாட்டிகளின் கைப்பக்குவமும் வேதியியலும் இங்கே ஒன்றுதான் சொல்கின்றன.

வேட்டியில் செய்தது இது. முதலில் ஒரு பனிக்கட்டியைப் பையில் போட்டுக் கறையின்மேல் ஐந்து நிமிடம் வைத்தோம். குளிர்ந்ததும் பிசின் இறுகி நொறுங்கும் பதத்துக்கு வந்தது. ஸ்பூன் விளிம்பால் சுரண்டியதில் பாதிக்கு மேல் செதில் செதிலாக வந்துவிட்டது. மீதியின்மேல் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய், கால் மணி நேர ஊறல், பழைய துணியால் ஒற்றி எடுப்பு. பிறகு எண்ணெயைப் போக்க வேண்டும். சவுக்காரம் போட்டு வெந்நீரில் கசக்கித் துவைத்தோம். பருத்திக்குத் தண்ணீர்தான் நெருங்கிய உறவு. சோப்பு நீர் இழைக்குள் புகுந்து எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். நனைந்தால் பலம் கூடும் இழை என்பதால் தேய்க்கவும் அஞ்ச வேண்டியதில்லை. சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் துறைக்கல்லில் அடித்துத் துவைத்தது பருத்தி என்பதால்தான் தாங்கியது. விஸ்கோஸை அப்படி அடித்தால் இரண்டாவது துவைப்பிலேயே தையல் பிளக்கும்.

சட்டையில் அதே வைத்தியம் வேறு விதமாகப் போனது. பனிக்கட்டியும் சுரண்டலும் நன்றாகவே வேலை செய்தன. எண்ணெய் வைத்ததும் பிசினும் கரைந்தது. ஆனால் துவைத்துக் காயவைத்த பிறகு அந்த இடத்தில் ஒரு மங்கிய வட்டம் நின்றது. பிசின் போய்விட்டது, நாம் வைத்த தேங்காய் எண்ணெய் தங்கிவிட்டது. பாலியஸ்டர் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், சோப்புத் தண்ணீரோ அதன் உள்ளே நுழைய மாட்டேன் என்கிறது. கலப்புத் துணியில் முதலில் தண்ணீரை ஊற்றியது பிழை. பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் நேராக வட்டத்தின்மேல் தடவி, பத்து நிமிடம் விட்டு, அதன் பிறகு வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும். இரண்டு முறை அப்படிச் செய்ததில் வட்டம் போனது.

வட்டம் போகும்வரை இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுவரக் கூடாது. பாலியஸ்டர் உருகுவது சுமார் 255 முதல் 260 டிகிரியில் என்றாலும், 70, 80 டிகிரிச் சூட்டிலேயே அதன் சங்கிலிகள் தளரத் தொடங்கும். பாவாடைச் சீருடையில் மடிப்பு நிலைத்து நிற்பது இந்தத் தளர்ச்சியால்தான். சூட்டில் மடித்து, மடிப்போடு ஆறவிடுகிறார்கள். அதே தளர்ச்சியில் எண்ணெயும் இழைக்குள் போய் ஆறி உட்கார்ந்துவிட்டால் பிறகு யாராலும் எடுக்க முடியாது. கொதிநீரில் ஊறவைத்துக் கசக்கிப் பிழிந்தால் விழும் சுருக்கங்கள் போகாமல் அடம்பிடிப்பதும் இதனால்தான்.

சூட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நெய்வேலி அனல்மின் நிலைய ஊர். இந்த வகுப்பில் படித்துவிட்டு வேலைச் சீருடை வடிவமைக்கப் போகும் மாணவர்களும் இருப்பார்கள். கொதிகலன், வெல்டிங் போன்ற இடங்களில் பாலியஸ்டர் கலந்த துணியை, அதைவிட நைலானை, வெறும் விலைக்காகவும் சுருக்கம் விழாததற்காகவும் தேர்ந்தெடுக்கக் கூடாது. பருத்தியும் எரியும்தான். ஆனால் உருகித் தோலோடு ஒட்டாது. அட்டவணையில் ‘உருகும்’ என்று எழுதும் ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதனின் கை இருக்கிறது. தீப்பொறி தெறிக்கும் இடத்துக்குத் தீத்தடுப்புப் பதம் ஏற்றிய பருத்தியோ அராமிட் இழையோதான் சரி.

பட்டுப்புடவைக்கு வருவோம். அதில் பாலோடு ஒரு சோகமும் இருந்தது. முந்தானைக்கு அருகில் விரற்கடை அகலத்துக்குத் துணி நைந்து, ஒரு பக்கம் ஓட்டையே விழுந்திருந்தது.

“இங்கயும் முந்திரிப்பழச் சாறு பட்டிருந்துச்சு சார். போன வருஷ வேட்டிக்குப் பிளீச் போட்டு எடுத்தோம். அதே மாதிரிதானேன்னு இதுக்கும் அம்மா...” என்று நிறுத்தினாள்.

முந்திரிப்பழம் தோட்டத்தில் கிடக்கும்போது பார்க்க அழகு. கடித்தால் தொண்டையைப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பு டானின். துணியில் பட்டவுடன் ஏதோ தண்ணீர்பட்டதுபோல்தான் தெரியும். காற்றுப் படப் படப் பழுப்பாகும். இதற்கு எண்ணெய் உதவாது, தண்ணீர்தான் உதவும், உடனே உதவினால். பட்ட கையோடு பச்சைத் தண்ணீரை மறுபக்கத்திலிருந்து ஊற்றி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ வினிகரோ வைத்தால் பருத்தியில் பெரும்பகுதி போய்விடும். பலரும் முதலில் செய்வது சவுக்காரக் கட்டியை எடுத்துத் தேய்ப்பது. சவுக்காரம் காரம். காரம் பட்டால் டானின் இன்னும் கருத்து உட்காரும். துருப்பிடித்த இரும்பு வாளியில் ஊறவைத்தாலோ கருநீலமாகிவிடும். டானினும் இரும்பும் சேர்ந்தால் கிடைப்பது ஒரு காலத்தில் எழுதப் பயன்பட்ட மைதான்.

பழகிப்போன டானின் கறையை வெள்ளைப் பருத்தியில் பிளீச் எடுக்கும். போன வருஷ வேட்டி அப்படித்தான் தப்பியது, அதுவும் அளவோடு கலந்து, நன்றாக அலசியதால். கடையில் கிடைக்கும் திரவ பிளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட். செல்லுலோஸ் அதைக் கொஞ்ச நேரம் தாங்கும். புரதம் தாங்காது. பட்டையும் கம்பளியையும் அந்தக் கரைசலில் போட்டுவைத்தால் மஞ்சளாகி, நைந்து, கடைசியில் கரைந்தே போகும். கலப்புத் துணியில் கம்பளி எத்தனை பங்கு என்று கண்டுபிடிக்க ஆய்வகத்தில் இதையே சோதனையாகச் செய்கிறார்கள். கம்பளி கரைந்துவிடும், மிஞ்சியதை எடை போடுவார்கள். அந்த அம்மா வீட்டில் தெரியாமல் அதே சோதனையைச் செய்திருக்கிறார். கறையைத் தின்ற பிளீச் துணியையும் சேர்த்துத் தின்றுவிட்டது. புரதக் கட்டுகள் உடைந்தபின் ஒட்டவைக்க வழியில்லை. அந்த இடத்தின் பின்பக்கம் அதே நிறப் பட்டுத் துண்டை வைத்துத் தைப்பதுதான் செய்யக்கூடியது.

புடவையில் மிஞ்சியிருந்த பலாப்பாலுக்கு எண்ணெய் வைக்கவில்லை. எண்ணெயைப் போக்க வெந்நீரும் சோப்பும் தேய்ப்பும் வேண்டும், மூன்றும் பட்டுக்கு ஆகாது. நனைந்த பட்டைத் தேய்த்தால் இழையின் மேற்பரப்பு பிசிறி, அந்த இடம் மட்டும் வெளிறிப் பளபளப்பு இழக்கும். சாயமும் இறங்கலாம். பனிக்கட்டியை ஈரம் படாதபடி பாலித்தீனில் சுற்றி வைத்து, உதிர்ந்ததை மென்மையாக எடுத்துவிட்டு, மீதியை உலர் சலவைக்குக் கொடுக்கச் சொன்னேன். அங்கே தண்ணீருக்குப் பதில் கரைப்பான் பயன்படுகிறது. பிசினையும் கரைக்கும், பட்டையும் ஊறவைக்காது. என்ன கறை, எப்போது பட்டது, வீட்டில் என்னென்ன போட்டோம் என்று கடைக்காரரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன்.

ஆக அவளுடைய வெற்று நிரல் இப்படி நிரம்பியது.

| துணி | பலாப்பால் பட்டால் | முந்திரிப்பழச் சாறு பட்டால் | செய்யவே கூடாதது |
|---|---|---|---|
| வெள்ளைப் பருத்தி | குளிர்வித்துச் சுரண்டு, எண்ணெய், பிறகு சோப்பும் வெந்நீரும் | உடனே பச்சைத் தண்ணீர், எலுமிச்சை. பழையதானால் நீர்த்த பிளீச் | சாற்றின்மேல் சவுக்காரக் கட்டி |
| பாலியஸ்டர்-பருத்திக் கலப்பு | குளிர்வித்துச் சுரண்டு, மிகக் குறைந்த எண்ணெய், நேரடியாகப் பாத்திரத் திரவம் | உடனே பச்சைத் தண்ணீர், எலுமிச்சை | கறை போகுமுன் இஸ்திரி |
| பட்டு | உலர்வாகக் குளிர்வித்து எடு, உலர் சலவை | தேய்க்காமல் நீரில் ஒற்றி எடு, உலர் சலவை | குளோரின் பிளீச், தேய்ப்பு |

இதில் மூன்றாவது கறை ஒன்று விடுபட்டிருக்கிறது என்றாள். முந்திரி உடைக்கும் பெண்களின் புடவையில் படும் ஓட்டு எண்ணெய். அவள் பெரியம்மா அந்த வேலை செய்பவர். பண்ருட்டிப் பக்கம் பிறந்தவர்களுக்கு அந்தக் கைகளைத் தெரியும். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். துணியில் படும்போது அது எண்ணெய்க் கறை மாதிரிதான் தொடங்குகிறது. ஆனால் அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருட்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லக் கெட்டிப்பட்டு, வார்னிஷ் போல இழையைச் சுற்றி இறுகிவிடும். ஈரம் உலராத கறையை எண்ணெயால் இளக்கி, உடனே சோப்பால் எடுக்கலாம். கறுத்து இறுகியதை எடுக்க முயன்றால் துணிதான் போகும்.

இதற்கு நம்மிடம் பழைய சாட்சியே இருக்கிறது. முந்திரியின் உறவுக்கார மரம் சேங்கொட்டை. அதன் கொட்டையில் ஊசியைக் குத்தி எடுத்த சாற்றால்தான் அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் எந்தத் துணி எந்த வீட்டுக்கு என்று குறிபோட்டார்கள். குறியின்மேல் சுண்ணாம்பு வைத்தால் கறுத்து நிலைத்துவிடும். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. போகாது என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரியம்மாவுக்கு நான் சொன்னது, வேலைக்குக் கருநிறப் பருத்திப் புடவையும் முழங்கைவரை கை நீண்ட தடித்த மேல்சட்டையும். பருத்தி என்றது, வியர்வைக்காகவும் வெந்நீர்த் துவைப்பைத் தாங்குவதற்காகவும். கருநிறம், போகாத கறையோடு சண்டை போடாமல் இருப்பதற்காக.

மறுவாரம் அவள் இன்னொரு பொட்டலம் கொண்டுவந்தாள். மர அறுவைக் கடையில் கேட்டு வாங்கிய பலாமரத் தூள், வைரம் பாய்ந்த பகுதியிலிருந்து வந்த மஞ்சள் தூள். இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும் பௌத்தத் துறவிகளின் ஆடைக்கு இதைக் கொதிக்கவைத்துத்தான் சாயம் இறக்கினார்கள். அதிலுள்ள மோரின் என்ற பொருள் படிகாரத்தோடு சேர்ந்தால் இழையில் மஞ்சளாகப் பிடித்துக்கொள்ளும். மூன்று சிறு துண்டுகளைப் படிகார நீரில் ஊறவைத்து ஒரே சட்டியில் போட்டோம். பட்டு அடர்ந்த பொன்மஞ்சள் ஆனது. பருத்தி அதைவிட வெளிறிய மஞ்சள். பாலியஸ்டர் துண்டை அலசியபோது தண்ணீர்தான் மஞ்சளானது, துண்டு ஏறக்குறைய வெள்ளையாகவே வந்தது. ஆலையில் பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்ற அழுத்தக் கலத்தில் 130 டிகிரிவரை சூடேற்றி, அதற்கென்றே உள்ள சாயத்தை உள்ளே செலுத்துகிறார்கள். நம் சட்டியில் இருந்தது வெறும் கொதிநீர்.

மூன்று துண்டுகளையும் அவள் அட்டவணைத் தாளில், 11, 8.5, 0.4 என்ற எண்களுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள்.